அப்பளத்தைக் கட்டு, கோழியைத் திறந்து வை

போன வருடம் ஒரு புதன்கிழமை. காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு, அடுத்த நாள் நிகழ்ச்சிக்கான கூட்டத்திலும் உட்கார்ந்துவிட்டு நான் வெளியே வந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. கைப்பேசியைத் திறந்தால் அம்மாவிடமிருந்து ஏழு மிஸ்டு கால். வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு படம். காகிதப் பை ஒன்று. அடிப்பகுதி முழுக்க மஞ்சளும் எண்ணெயுமாக ஊறி, கிழிந்து, உள்ளே இருந்த சோற்று டப்பா வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. படத்துக்குக் கீழே அம்மா ஒன்றும் எழுதவில்லை.

அம்மா கிள்ளானில் எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து மதியச் சாப்பாடு செய்து கொடுக்கிறார். இருபத்திரண்டு வருடம் மின்னியல் தொழிற்சாலையில் வேலை செய்தவர். தொழிற்சாலை மூடியபிறகு வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல், அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் செய்து கொடுக்க ஆரம்பித்தார். அது மெல்ல மெல்லப் பெருகி, ஷா ஆலாமில் உள்ள ஓர் அலுவலகத்திலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் பன்னிரண்டு சாப்பாடு என்று ஓர் ஆர்டர் வந்தது. ஒன்று 15 வெள்ளி. மொத்தம் 180 வெள்ளி. வாரத்தில் அதுதான் அவருக்குப் பெரிய ஆர்டர். அந்தக் காசை ஒரு தகர டின்னில் தனியாகப் போட்டு வைப்பார். யாரிடமும் கேட்காமல் செலவு செய்யத் தன்னிடம் காசு இருக்கிறது என்பதில் அவருக்கு ஒரு பெருமை.

அன்றைக்கு அனுப்பியது சோறு, மீன் கறி, பொரித்த கோழி, முட்டைக்கோஸ் பிரட்டல், ரசம், அப்பளம். அலுவலகத்தில் ஆர்டர் கொடுக்கும் பெண்மணி மரியாதையானவர். திட்டவில்லை. "ஆன்ட்டி, ருசி நல்லாதான் இருக்கு. ஆனா கறி பாதி பையிலதான் இருந்துச்சு. கோழி நனைஞ்சு போச்சு. அடுத்த வாரம் பார்த்துட்டுச் சொல்றோம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். 'பார்த்துட்டுச் சொல்றோம்' என்றால் என்ன அர்த்தம் என்று அம்மாவுக்குத் தெரியும். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது, கைகழுவும் தொட்டியில் குண்டான்கள் கழுவாமல் கிடந்தன. அம்மா வாழ்க்கையில் அப்படி விட்டதில்லை.

"நிறுத்திக்கலாம்னு பார்க்கிறேன்" என்றார். "சமைக்கத் தெரியும். இந்த டப்பா கட்டற வேலை நமக்கு வராது."

எனக்கும் அது வராது. மைக்குக்கு முன்னால் பேசுவது மட்டுமே என் தொழில். ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்க, ருசியில் குறை இல்லாத சாப்பாடு வெறும் முக்கால் மணி நேரப் பயணத்தில் எப்படி இப்படி ஆனது என்பது எனக்குப் புரியவே இல்லை. அடுத்த சனிக்கிழமை எனக்கு விடுமுறை. அன்றைக்கு நாங்கள் இருவரும் சமையலறையில் உட்கார்ந்துவிட்டோம்.

முதலில் கறி. அம்மா எப்போதும் செய்வது இதுதான்: அடுப்பிலிருந்து இறக்கியவுடன் கொதிக்கக் கொதிக்கக் கரண்டியால் கிண்ணத்தில் விளிம்புவரை ஊற்றி, மூடியை அழுத்தி மூடிவிடுவார். 'சூடாகப் போகட்டும், நிறைய இருக்கட்டும்' என்ற தாராள மனசு. அன்று அதையே கறிக்குப் பதிலாகக் கொதிக்கும் மஞ்சள் தண்ணீரை ஊற்றிச் செய்து பார்த்தோம். ஒரு கிண்ணத்தை நாளிதழ்மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். இரண்டு நிமிடத்துக்குள் 'டொப்' என்று ஒரு சத்தம். மூடியின் ஒரு மூலை தானாகவே எழும்பியிருந்தது. யாரும் தொடவில்லை.

காரணம் எளிது. கொதிக்கும் கறியிலிருந்து ஆவி வந்துகொண்டே இருக்கிறது. மூடிக்கும் கறிக்கும் இடையில் மாட்டிக்கொண்ட கொஞ்சக் காற்றும் சூடாகி விரிகிறது. போக வழி இல்லாததால், மூடி எங்கே பலவீனமாகப் பிடித்திருக்கிறதோ அங்கே தள்ளித் திறந்துகொண்டு போகிறது. ரைடரின் மோட்டார் குலுங்கியதால் கறி கொட்டியது என்றுதான் நாங்கள் அதுவரை நினைத்திருந்தோம். மோட்டார் கிளம்புவதற்கு முன்பே, எங்கள் வீட்டு மேசையிலேயே மூடி திறந்துவிட்டிருக்கிறது. ரைடர் பாவம்.

அதனால் இப்போது கறியை அடுப்பை விட்டு இறக்கி, கொப்புளம் அடங்கும்வரை இரண்டு மூன்று நிமிடம் விடுகிறோம். ஆறவிடுவது இல்லை, கொதி அடங்குவது மட்டும்தான். பிறகு 250 மில்லி பிடிக்கும் கிண்ணத்தில் 200 மில்லிதான். மேலே ஒரு விரல் அகலத்துக்கு இடம். இதை அம்மாவிடம் ஒப்புக்கொள்ள வைக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. "குறைச்சுக் கொடுத்தா கஞ்சத்தனம்னு நினைப்பாங்க" என்றார். கடைசியில், கொஞ்சம் பெரிய கிண்ணம் வாங்கி அதே அளவு கறியைக் குறைவாகத் தெரியும்படி ஊற்றுவது என்று ஒரு சமரசத்துக்கு வந்தோம்.

மஞ்சள் தண்ணீர்ச் சோதனையில் கசியாத கிண்ணம், நிஜ மீன் கறியில் கசிந்தது. இது எங்களைக் குழப்பியது. உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, விளிம்பில் எண்ணெய். கரண்டியால் ஊற்றும்போது கடைசிச் சொட்டு விளிம்பில் வழிகிறது. மீன் கறியில் மேலே மிதப்பதே எண்ணெய்தான், அதனால் வழிவதும் எண்ணெய்தான். அது மூடிக்கும் விளிம்புக்கும் இடையில் ஒரு வழுக்கல் போட்டுவிடுகிறது. மூடி மாட்டியதுபோல் 'கிளிக்' சத்தம்கூட வரும். ஆனால் பிடிப்பு இல்லை. தண்ணீர் நிற்கும் இடுக்கில்கூட எண்ணெய் ஊர்ந்து வெளியே வந்துவிடும்.

எண்ணெயைக் கொஞ்சம் வழித்து எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "எண்ணெய் மிதக்கலைன்னா அது மீன் கறியா? மஞ்சத் தண்ணிதானே?" அந்த யோசனை அத்தோடு முடிந்தது. அதற்குப் பதிலாகக் கரண்டியை விட்டுவிட்டு, மூக்கு வைத்த ஒரு ஜக்கிலிருந்து ஊற்றுகிறோம். மீன் துண்டை முதலில் கிண்ணத்தில் வைத்துவிட்டு அதன்மேல் கறியை ஊற்றுவது. ஊற்றி முடித்ததும் ஒவ்வொரு விளிம்பையும் சுத்தமான உலர்ந்த சமையல் தாளால் ஒரு சுற்றுத் துடைப்பது. பிறகு மூடியை நடுவில் அழுத்தாமல், எதிரெதிர் மூலைகளாக விரலால் அழுத்திக்கொண்டு சுற்றி வருவது. பன்னிரண்டு கிண்ணத்துக்கு இந்தத் துடைப்பு வேலை மூன்று நிமிடம்கூட ஆகாது. ஆனால் எங்கள் வீட்டில் கசிவை நிறுத்தியதில் பெரும் பங்கு இந்த ஒரு தாளுக்குத்தான்.

மூடி சரியாகப் பிடித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. சூடாக மூடிய கிண்ணம் கொஞ்சம் ஆறும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அப்போது மூடி நடுவில் லேசாக உள்ளே குழியும். குழிந்திருந்தால் எங்கேயும் இடுக்கு இல்லை என்று அர்த்தம். உப்பியிருந்தால் சீக்கிரமே மூடிவிட்டோம். தட்டையாகவே இருந்தால் சந்தேகப்பட வேண்டும், எங்கோ காற்று போய்வந்துகொண்டிருக்கிறது. இப்போது அம்மா பையில் போடுவதற்கு முன் ஒவ்வொரு மூடியையும் வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் தொட்டுப் பார்க்கிறார். அதற்குமேல் ஒவ்வொரு கிண்ணத்தையும் ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போடுகிறோம். ஒன்று தப்பினாலும் மற்றதை நாசமாக்காது.

கிண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 5 என்று போட்டிருப்பதைத்தான் சூடான கறிக்கு வாங்க வேண்டும். அது கொதிநிலைச் சூட்டைத் தாங்கும். கண்ணாடிபோல் பளிச்சென்று இருக்கும் 1 எண் கிண்ணங்கள் பழத்துக்கும் சாலட்டுக்கும் ஆனவை. அழகாக இருக்கிறதே என்று அம்மா ஒரு முறை அதில் ரசம் ஊற்றிவிட்டார். கிண்ணம் இடுப்பு வளைந்து நின்றது.

கறியைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வெட்கம். இந்த நாட்டில் சின்ன வயசிலிருந்து பையில் கட்டிய தே தாரிக் வாங்கிக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். மோட்டார் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, குண்டும் குழியுமான ரோட்டில் வந்தாலும் அது கொட்டாது. ஏன் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. கடைக்காரர் பாதி அளவுதான் ஊற்றுவார். பிறகு பையின் கழுத்தை முறுக்கும்போது வேண்டுமென்றே உள்ளே காற்றைப் பிடித்துத் தலையணைபோல் உப்ப வைத்து ரப்பர் பேண்ட் போடுவார். அந்தக் காற்று மெத்தை பானத்தை முடிச்சுப் பக்கம் போகவிடாது. எழும்பித் திறந்துகொள்ள மூடியும் இல்லை, பைதான் கொஞ்சம் விரிந்துகொடுக்கும். 'நிரப்பாதே, விரிய இடம் கொடு' என்ற அதே பாடம், கண்ணுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது. ஆனால் அலுவலகத்தில் இருப்பவர்களிடம் கறியை ஊற்றிக்கொள்ளக் கிண்ணம் இருக்காது என்பதால் நாங்கள் பைக்குப் போகவில்லை. ரசத்துக்கு மட்டும் வேறு ஏற்பாடு. அது தண்ணீர் மாதிரி, எந்த இடுக்கிலும் நுழையும். பன்னிரண்டு கிண்ணத்தில் பன்னிரண்டு முறை பயப்படுவதற்குப் பதில், இரண்டு பெரிய பிளாஸ்கில் ஊற்றி, காகிதக் குவளைகளோடு அனுப்பிவிடுகிறோம். பிளாஸ்கைத் திருப்பிக் கொண்டுவருவது அந்த அலுவலகத்துப் பெண்மணி. அவரும் கிள்ளான்காரர்தான்.

கோழி விஷயம் கறியைவிடக் கஷ்டமாக இருந்தது. அதில் எங்களைக் காப்பாற்றியவர் முகம் தெரியாத ஒரு நேயர்.

ஒரு நாள் காலை நிகழ்ச்சியில், 'தாப்பாவ்' வாங்கிய சாப்பாட்டில் உங்களுக்கு நடந்த சோகம் என்ன என்று பேச்சுவாக்கில் கேட்டேன். என் சொந்தக் கதையை மறைத்துக்கொண்டுதான். நிறையப் பேர் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் அழைத்தார். ஈப்போவில் பல வருடம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவராம். "வானொலியில போடாதீங்கம்மா, சும்மா சொல்றேன்" என்று ஆரம்பித்தார். "எல்லாரும் அப்பளத்தையும் கோழியையும் ஒரே மாதிரி கட்டறாங்க. அதான் தப்பு. தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாருங்க. அப்பளத்துக்கு வெளியேருந்து வருது. கோழிக்கு உள்ளேருந்து வருது." அவ்வளவுதான் சொன்னார். பாட்டு முடிந்துவிட்டது, நான் மைக்கைத் திறக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தைத்தான் மென்றுகொண்டு போனேன். அப்பளத்தில் ஈரமே கிடையாது. பொரித்தவுடன் எலும்புபோல் காய்ந்திருக்கிறது. அது நமத்துப்போவதென்றால் பக்கத்தில் இருக்கும் சோற்றின் ஆவியையும் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சித்தான் நமத்துப்போக வேண்டும். ஆகவே அதை முழுக்க ஆறவிட்டு, காற்றுப் புகாமல் தனிப் பையில் இறுக்கிக் கட்ட வேண்டும். கோழி அப்படியல்ல. மேல்தோல் மொறுமொறுவென்று இருந்தாலும், உள்ளே இறைச்சியில் தண்ணீர் இருக்கிறது. எண்ணெயிலிருந்து எடுத்தபிறகும் அந்தத் தண்ணீர் ஆவியாக வெளியே வந்துகொண்டே இருக்கும். டப்பாவை இறுக்கி மூடினால் அந்த ஆவி மூடியில் பட்டு, குளிர்ந்து, சொட்டாகி, மறுபடி அதே தோலில் விழும். கோழி தன் வியர்வையிலேயே குளிக்கிறது. நாங்கள் பல மாதமாக அப்பளத்தைச் சோற்றின் மேல் திறந்து வைத்துவிட்டு, கோழியை இறுக்கி மூடிக்கொண்டிருந்தோம். இரண்டையும் தலைகீழாக.

அடுத்த சனிக்கிழமை மறுபடி சோதனை. ஒரே வாணலியில் பொரித்த கோழியை மூன்று விதமாகக் கட்டி, ஷா ஆலாம் போய்ச்சேரும் நேரமான 40 நிமிடம் கழித்துத் திறந்து பார்த்தோம். பிளாஸ்டிக் டப்பாவில் உடனே மூடியது, அந்தப் புதன்கிழமைக் கோழியேதான். மூடியின் உட்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். காற்று போக ஓட்டை உள்ள காகிதப் பெட்டியில் உடனே போட்டது, மேல்பக்கம் பரவாயில்லை, அடிப்பக்கம் தொளதொள. கம்பி வலைமேல் ஆறு நிமிடம் வைத்துவிட்டு, அதே ஓட்டைப் பெட்டியில் அடுக்கடுக்காக இல்லாமல் ஒரே வரிசையாகப் போட்டது, கடித்தால் சத்தம் கேட்டது. நான் அந்தச் சத்தத்தைக் கைப்பேசியில் பதிவுகூடச் செய்தேன். தொழில் புத்தி.

கம்பி வலை என்பது முக்கியம். அம்மா வழக்கமாகப் பொரித்ததைத் தட்டில் டிஷ்யூ விரித்து அதன்மேல் குவிப்பார். எண்ணெய் வடியும், உண்மைதான். ஆனால் அடியில் இருக்கும் துண்டின் ஆவிக்குப் போக இடம் இல்லை, தட்டுக்கும் கோழிக்கும் நடுவிலேயே நின்று அடித்தோலை ஊறவைக்கிறது. வலைமேல் வைத்தால் கீழேயும் காற்று போகும். கேக் ஆறவைக்க நான் வாங்கிப் பயன்படுத்தாமல் வைத்திருந்த வலை அன்றுதான் வேலைக்குப் போனது.

அதோடு அம்மாவே கண்டுபிடித்த இன்னொன்று: இரண்டு தடவை பொரிப்பது. பத்தரை மணிக்கு மிதமான எண்ணெயில் வேகும்வரை ஒரு தடவை. பெட்டியில் போடுவதற்குச் சற்று முன், பதினொன்றேகாலுக்கு, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் ஓரிரண்டு நிமிடம் இன்னொரு தடவை. முதல் தடவைக்குப் பிறகு உள்ளிருந்து தோலுக்கு வந்து சேர்ந்த ஈரத்தை இரண்டாவது தடவை விரட்டிவிடுகிறது. மசாலாவில் கொஞ்சம் அரிசி மாவும் சோள மாவும் சேர்த்துக்கொண்டார். தனிக் கோதுமை மாவைவிட அது அதிக நேரம் மொறுமொறுப்பாக நிற்கிறது.

இவ்வளவு செய்தும் அடுத்து அனுப்பியபோது கோழி மறுபடி நனைந்துபோனது. எனக்கு அழுகையே வந்தது. ஓட்டைப் பெட்டி, வலை, எல்லாம் சரி. எங்கே தப்பு? ஒரு சாயங்காலம் பாசார் மாலாமில் பீசாங் கோரெங் வாங்கும்போதுதான் பிடிபட்டது. அந்த அம்மையார் பழத்தைக் காகிதப் பையில் போட்டு, அதைப் பிளாஸ்டிக் பையில் வைத்துக் கொடுத்தார். நான் பழக்கதோஷத்தில் பிளாஸ்டிக் பையின் காதுகளை முடிச்சுப் போடப் போனேன். "ஜாங்கான் இக்காட், நந்தி லெம்பிக்" என்று என் கையைத் தட்டினார். கட்டாதே, நமத்துப்போகும். அம்மா அந்த வாரம் கோழிப் பெட்டிகளை எல்லாம் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு, பத்திரமாக இருக்கட்டும் என்று இரட்டை முடிச்சுப் போட்டிருந்தார். பெட்டியில் ஓட்டை இருந்து என்ன பயன்? வெளியே இன்னொரு பூட்டிய அறை.

இப்போது கோழிக்குத் தனிக் காகிதப் பை, வாய் திறந்தபடி. வழியில் யாரும் திறக்கவில்லை என்று காட்ட ஸ்டிக்கர் ஒட்டச் சொல்கிறார்கள். அதை வாயின் நடுவில் மட்டும் ஒட்டி, இரண்டு பக்கமும் இடைவெளி விடுகிறோம்.

ரைடர் தம்பிக்கும் இதில் பங்கு உண்டு. வழக்கமாக எங்கள் ஆர்டரை எடுக்க வருபவர் ஒரு மலாய்ப் பையன். கறி கொட்டிய அன்று அவருடைய பையும்தான் நாறிப்போனது. அம்மா மன்னிப்புக் கேட்டதற்கு அவர் சிரித்துக்கொண்டே தன் பெட்டிப் பையைத் திறந்து காட்டினார். எங்கள் பைகள் அதில் போனபிறகு பக்கத்தில் ஒரு சாண் இடம் காலியாக இருக்கிறது. வளைவில் திரும்பும்போது எல்லாம் அந்தக் காலி இடத்துப் பக்கம் சரிகிறது. கிண்ணம் கவிழ்வது அங்கேதான். அன்றிலிருந்து கறிக் கிண்ணங்கள் ஆறாறாக இறுக்கமாக உட்காரும் அளவுக்கு இரண்டு அட்டைப் பெட்டிகள் வைத்திருக்கிறோம். அவை பையின் அடியில், நகராமல். சோறு அதன்மேல். கோழி எல்லாவற்றுக்கும் மேலே. ஜிப் போட்ட அந்தப் பைக்குள் சோற்றின் ஆவியும் கறியின் ஆவியும் நிறைந்திருக்கும் என்பதால், மேல் ஜிப்பை நாலு விரல் திறந்துவிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டோம். மழை நாளில் அது முடியாது. மழை நாளில் கோழி கொஞ்சம் சுமார்தான், ஒப்புக்கொள்கிறேன்.

சோற்றில் பெரிய வித்தை இல்லை. குக்கரைத் திறந்தவுடன் டப்பாவில் அழுத்தி நிரப்பினால் மேல் அடுக்கு ஈரமாகி, அடி அடுக்கு கட்டியாகிவிடும். அகலமான தட்டில் கொட்டி, அகப்பையால் கிளறிவிட்டு ஐந்து நிமிடம் ஆவி போகவிட்டு, பிறகு அழுத்தாமல் போடுகிறோம். டப்பாவின் அடியில் தணலில் வாட்டிய வாழை இலை. வாட்டாவிட்டால் மடிக்கும்போது கிழியும். மூடிக்கு அடியில் ஒரு சமையல் தாள், மூடியில் சேரும் தண்ணீர் சோற்றில் சொட்டாமல் அது குடித்துக்கொள்ளும். ஆனால் ஆவி போகட்டும் என்று மணிக்கணக்கில் ஆறவிடக் கூடாது. வெதுவெதுப்பான சோற்றில்தான் கிருமி வேகமாகப் பெருகும். 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்வரை பயமில்லை. அதற்குக் கீழே இறங்கிவிட்டால் நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்புக் கணக்கு. அலுவலகத்தில் கூட்டம் நீண்டுவிட்டால் சாப்பாடு மேசையில் கிடக்கும் என்பதால், அம்மா ஒவ்வொரு டப்பாவிலும் '2 மணிக்குள் சாப்பிடவும்' என்று எழுதி ஒட்டுகிறார். நாலு மணிவரை போகலாமே என்றேன். "அவங்க வயித்தை வச்சுச் சூதாட முடியுமா?" என்றார்.

அந்தப் பெண்மணி 'பார்த்துட்டுச் சொல்றோம்' என்று சொல்லி ஐந்து வாரம் ஆகியிருந்தது. அதுவரை சோதனைச் சாப்பாடெல்லாம் என் நிலையத்து நண்பர்களுக்குத்தான் போனது. மறுபடி நனைந்துபோனது என்றேனே, அந்தக் கோழியைச் சாப்பிட்டவர்களும் அவர்கள்தான். ஆறாவது வாரம் அம்மா அவரை அழைத்து, "காசு வேண்டாம், ரெண்டு சாப்பாடு மட்டும் அனுப்பறேன், பிரிச்சுப் பார்த்துச் சொல்லும்மா" என்றார். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அம்மாவுக்கு இல்லை.

அன்று 11.15-க்கு இரண்டாவது பொரியல். 11.17-க்குக் கோழி வலையில் ஏறியது. அது ஆறும் ஆறு நிமிடத்தில் கறி ஊற்றி, விளிம்பு துடைத்து, மூடினோம். சோற்றைப் போட்டோம். 11.23-க்குக் கோழி பெட்டிக்குள். அப்பளம் காலையிலேயே பொரித்து ஆறவைத்து, பையில் இறுகக் கட்டித் தயாராக இருந்தது. 11.30-க்கு ரைடர் கிளம்பினார். 12.10-க்குப் போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வந்தது. 12.20 ஆனது, 12.30 ஆனது, பதில் இல்லை. வானொலியில் மூன்று விநாடி மௌனம் வந்தாலே எனக்கு வியர்த்துவிடும். இது இருபது நிமிடம்.

12.34-க்குக் குரல் பதிவு வந்தது. பேச்சு எதுவும் இல்லை. முதலில் ஒரு 'மொறுக்'. பிறகு இன்னொரு 'மொறுக்'. கடைசியில் அந்தப் பெண்மணியின் குரல்: "முதல்ல கேட்டது அப்பளம் ஆன்ட்டி, ரெண்டாவது கோழி. அடுத்த புதன் பதினாலு."

அம்மா அதை ஐந்தாறு தடவை போட்டுக் கேட்டார்.

போன மாதம் என் நண்பர் ஒருவர் சிரம்பானில் தன் மகன் பிறந்தநாளுக்கு நாற்பது பேருக்குச் சாப்பாடு வேண்டும், பொரித்த கோழி கட்டாயம் வேண்டும் என்றார். நல்ல காசு. நான் சரி என்று சொல்லப் போனேன். அம்மா கைப்பேசியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். "தம்பி, உங்க வீடு ஒன்றரை மணி நேரம். அவ்வளவு தூரத்துக்கு எந்தப் பெட்டியில போட்டாலும் கோழி நிக்காது. பொரிச்சது வேணும்னா அங்கேயே யார்கிட்டயாவது வாங்கிக்குங்க. நான் பிரட்டல் தரேன், அது போகப் போக ஊறி நல்லாதான் இருக்கும்."

அவர் பிரட்டலுக்கே சம்மதித்தார். அப்பளம் மட்டும் எண்பது, தனிப் பைகளில், என் மடியில் உட்கார்ந்து சிரம்பான்வரை வந்தது.